தொங்கும் போர்டு வேண்டுமா? பட்டறைக்கு இப்படி எழுதுங்கள்

"தம்பி, கடைக்கு ஒரு தொங்கு போர்டு செய்யணும். 2க்கு 1.5. சங்கிலி போட்டு சுவத்துல மாட்டணும். எவ்வளவு ஆவும், எப்ப கிடைக்கும்?"

தென்காசியில் புதிதாக நாட்டு மருந்துக் கடை வைத்த ஓர் அண்ணாச்சி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த மாதிரி வாரத்துக்கு நாலு வரும். இதை வைத்து ஒரு விலை சொல்லிவிடலாம். ஆனால் மூன்று பட்டறையில் கேட்டால் மூன்று விலை வரும். ஒவ்வொருவரும் மனதில் ஒவ்வொரு போர்டை வைத்துக்கொண்டு சொல்வார்கள் என்பதுதான் காரணம். குறைந்த விலை சொன்னவர் மெல்லிய சங்கிலியையும் இரண்டு ஸ்குரூவையும் நினைத்திருப்பார். அது ஆடி மாதத்தில்தான் உங்களுக்குத் தெரியவரும்.

புதிதாகக் கடை திறப்பவர்கள் பட்டறைக்கு என்ன எழுதி அனுப்ப வேண்டும் என்பதை அந்த அண்ணாச்சியின் போர்டையே வைத்துச் சொல்கிறேன். இங்கே சொல்வது சுவரிலிருந்து தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கையில், இரண்டு சங்கிலியில் தொங்கும், இரண்டு பக்கமும் எழுத்துள்ள சிறிய போர்டைப் பற்றி. கடையின் நெற்றியில் நீளமாக ஒட்டும் பெயர்ப் பலகைக்கு இது பொருந்தாது.

முதலில் அளவு

"2க்கு 1.5" என்றால் எது அகலம், எது உயரம்? பலர் அகலத்தை முதலில் சொல்வார்கள், சிலர் உயரத்தை. அதைவிடப் பெரிய சிக்கல் அந்த 1.5. ஒன்றரை அடி என்று நினைத்து நீங்கள் எழுதுவீர்கள். டேப்பைப் பிடிக்கும் பையன் அதை 1 அடி 5 இன்ச் என்று படித்து வெட்டிவிடுவான். ஒன்றரை அடி என்பது 18 இன்ச், 1 அடி 5 இன்ச் என்பது 17 இன்ச். ஒரு இன்ச் குறைந்தால் ஸ்டிக்கர் வெட்டி வைத்த கடையில் சண்டை வரும். அதனால் அடியே வேண்டாம், இன்ச்சில் எழுதுங்கள். "அகலம் 24 இன்ச், உயரம் 18 இன்ச், கனம் 1 இன்ச்" என்று எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

போர்டின் உள்ளே என்ன என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். முக்கால் இன்ச் சதுர பைப்பில் ஃபிரேம், இரண்டு பக்கமும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த 3 எம்எம் ஏசிபி ஷீட் என்பது இந்த அளவுக்குச் சரியாக இருக்கும். ஃபிரேமுக்கு இரண்டரைக் கிலோ, ஷீட் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஆக மொத்தம் ஐந்து கிலோ வரும். சங்கிலி, கொக்கி எல்லாம் சேர்த்து ஆறு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

கடை எந்தத் திசையைப் பார்க்கிறது?

இந்தக் கேள்விக்கு யாருமே பதில் எழுதி அனுப்புவதில்லை. ஆனால் நம் பக்கத்தில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாரல் தொடங்கிவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று இறங்கும். ஆனி, ஆடி முழுக்க நிற்காது. தெற்கே பணகுடி, வள்ளியூர் பக்கமும் அந்த மாதங்களில் மேற்குக் காற்றுதான். காற்றாலைகளை அங்கே வரிசையாக நட்டிருப்பது சும்மா இல்லை.

இப்போது போர்டை மனதில் நிறுத்திப் பாருங்கள். அது சுவரிலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கடை வடக்கையோ தெற்கையோ பார்த்தால் தெரு கிழக்கு மேற்காக ஓடும். போர்டின் ஒரு முகம் கிழக்கையும் இன்னொரு முகம் மேற்கையும் பார்க்கும். மேற்கிலிருந்து வரும் காற்று தெருவோடு ஓடிவந்து போர்டின் முகத்தில் முழுசாக அறையும். கடை கிழக்கையோ மேற்கையோ பார்த்தால் காற்றுக்குப் போர்டின் ஒரு இன்ச் விளிம்பு மட்டும்தான் தெரியும். அதே போர்டு, அதே சங்கிலிதான். ஆனால் முதல் கடையில் படும் பாடு இரண்டாவது கடையில் இல்லை.

எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுழற்றுக் காற்று வந்தால் 24க்கு 18 இன்ச் முகத்தில் ஏறத்தாழ 8 கிலோ அளவுக்குத் தள்ளும். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்காகும். போர்டின் எடையே ஆறு கிலோதான். எடையைவிடத் தள்ளும் விசை அதிகம் என்றால் போர்டு செங்குத்தாகத் தொங்காது, பாதி படுத்தபடி ஆடும். சங்கிலி தேய்வதும் போல்ட் தளர்வதும் அந்த ஆட்டத்தில்தான்.

அண்ணாச்சியிடம் கேட்டேன். "வடக்கு வாசல்டே" என்றார். சரி, முழுக் காற்றும் முகத்தில்தான் என்று குறித்துக்கொண்டேன். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வந்தது.

உங்களுக்குத் திசை சரியாகத் தெரியாவிட்டால் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வெயில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். எதிரே கட்டடம் இருக்கிறதா, திறந்த வெளியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கையின் நீளமும் சுவரிலிருந்து இடைவெளியும்

போர்டு 24 இன்ச் என்பதால் கையும் 24 இன்ச் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். போர்டு சுவரை ஒட்டித் தொங்கினால் ஆடும்போது மூலை சுவரைக் கொத்தும், பூச்சு உதிரும். சுவருக்கும் போர்டுக்கும் நடுவே 4 இன்ச் விடுங்கள். வெளிமுனையில் போர்டைத் தாண்டிக் கை 2 இன்ச் நீளட்டும். அப்போது கை 30 இன்ச். "சுவரிலிருந்து கை முனை வரை 30 இன்ச், சுவருக்கும் போர்டுக்கும் இடைவெளி 4 இன்ச்" என்று இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் இன்னொன்றைப் பட்டறையில் ஊகிப்பார்கள்.

சன்ஷேட் இருக்கிற கடையில் கதையே வேறு. சன்ஷேட் ஒன்றரை அடி நீண்டிருந்தால் போர்டு அதற்கு மேலே வருகிறதா, கீழே வருகிறதா, பக்கத்தில் வருகிறதா என்பதைப் பொறுத்துக் கையின் நீளம் மாறும். இதை எழுத்தில் விளக்கிக் கஷ்டப்பட வேண்டாம். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று கடையின் முழு முகப்பும் தெரிகிற மாதிரி ஒரு படம், பக்கவாட்டில் நின்று சன்ஷேட் நீட்டிக்கொண்டிருப்பது தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, போர்டு வர வேண்டிய இடத்தில் போனிலேயே ஒரு கட்டம் வரைந்து அனுப்புங்கள். படத்தில் ஒரு ஆளை நிற்க வைத்தால் உயரம் புரிந்துவிடும்.

உயரத்தை எப்போதும் போர்டின் அடியிலிருந்து தரை வரை சொல்லுங்கள். அண்ணாச்சி கடையில் அடி மட்டம் 9 அடி என்று வைத்தோம். போர்டு 18 இன்ச், சங்கிலியும் கொக்கியும் 5 இன்ச். கூட்டினால் கை தரையிலிருந்து 10 அடி 11 இன்ச்சில் வர வேண்டும். தலையில் கூடை வைத்துப் போகிறவர்களுக்கும் இது இடிக்காது. ஆனால் சரக்கு இறக்க லாரி கடை வாசலை ஒட்டி வந்து நிற்குமானால் 9 அடி போதாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேலே மின்சாரக் கம்பி போனால் அதன் படத்தையும் கட்டாயம் அனுப்புங்கள். ஏணி மேல் ஏறி இரும்புக் கையைத் தூக்கிப் பிடிப்பது எங்கள் பையன்தான்.

இன்னொன்று, கைக்குச் சப்போர்ட். வரைந்து அனுப்பும் எல்லோரும் கைக்குக் கீழே சாய்வாக ஒரு சப்போர்ட் போட்டு அனுப்புகிறார்கள். பூந்தொட்டி மாட்டும் கைக்கு அது சரி. இங்கே கைக்குக் கீழே போர்டு தொங்குகிறது. சாய்வு கம்பி உள்பக்கச் சங்கிலியில் உரசும், போர்டு ஆடும்போது தட்டும். சப்போர்ட் மேலே இருக்கட்டும். கையைச் சுவரோடு பிடிக்கும் பிளேட்டின் மேல் பகுதியிலிருந்து கையின் முக்கால் நீளம் வரை சாய்வாக இறங்கி வரட்டும். அது கையைத் தூக்கிப் பிடிக்கும்.

பிளேட் ஏன் அகலமாக வேண்டும்

கையைச் சுவரோடு பிடிப்பது ஒரு இரும்பு பிளேட்டும் நாலு போல்ட்டும். போல்ட் எவ்வளவு இழுவை தாங்க வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். எடையைச் சுவரிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும்.

போர்டும் சங்கிலியும் ஆறு கிலோ, கை இரண்டு கிலோ, மொத்தம் எட்டு. போர்டின் நடு சுவரிலிருந்து 16 இன்ச் தூரத்தில் இருக்கிறது. வழக்கமாகச் செய்யும் பிளேட் நெட்டையாக இருக்கும். மேலும் கீழும் ஓட்டைகளுக்கு நடுவே 10 இன்ச், பக்கவாட்டில் 3 இன்ச். எட்டைப் பதினாறால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 13 கிலோ. மேல் இரண்டு போல்ட்டும் சேர்ந்து 13 கிலோ இழுவையைத் தாங்கினால் போதும். இதைப் பார்த்துவிட்டுத்தான் "இது ஒண்ணும் பெரிய வெயிட்டு இல்லியே" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அதே கணக்கைக் காற்றுக்குப் போட்டுப் பாருங்கள். காற்று பக்கவாட்டில் 8 கிலோ தள்ளுகிறது, தூரம் அதே 16 இன்ச். ஆனால் இப்போது வகுக்க வேண்டியது பக்கவாட்டு இடைவெளியால், அது வெறும் 3 இன்ச். விடை 43 கிலோ. அதுவும் ஒரு தடவை இழுத்துவிட்டு நிற்பதில்லை. இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை என்று நாள் முழுக்க ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆணியைப் பிடுங்க நாம் என்ன செய்வோம்? இரண்டு பக்கமும் ஆட்டித்தானே பிடுங்குவோம். காற்றும் அதைத்தான் செய்கிறது.

பிளேட்டைச் சதுரமாக்கி, 10க்கு 10 இன்ச், ஓட்டைகளுக்கு நடுவே எல்லாப் பக்கமும் 8 இன்ச் என்று வைத்தால் இரண்டு கணக்கும் 16 கிலோவுக்கு வந்துவிடும். பிளேட் 6 எம்எம் கனம் இருக்கட்டும். இரும்பு கூடுதலாகச் செலவாவது ஒன்றரைக் கிலோதான் இருக்கும். வடக்கு, தெற்கு வாசல் கடைக்காரர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கிழக்கு, மேற்கு வாசலுக்கு நெட்டைப் பிளேட்டே போதும்.

சுவர் என்ன சுவர்?

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். பழைய வீட்டை மாற்றி வைத்த ஒரு கடை. வெளியே புதிதாகச் சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்து அழகாக இருந்தது. சுவர் சிமெண்ட் என்று நினைத்து நாலு ஆங்கர் போல்ட் போட்டு முறுக்கினேன். நன்றாக இறுகியது. இரண்டு மாதம் கழித்து ஓர் ஆடிக் காலையில் கடைக்காரர் கூப்பிட்டார். மேலே இருந்த இரண்டு போல்ட்டும் செங்கல் துண்டோடு வெளியே வந்து, போர்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடை திறக்கும் முன் நடந்ததால் யார் தலையிலும் விழவில்லை. பூச்சுக்கு உள்ளே இருந்தது பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டு. ஆங்கர் விரிந்து பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிமானமே இல்லை. அன்றிலிருந்து சுவரைப் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை.

நீங்களே பார்த்துச் சொல்லலாம். போர்டு வரும் இடத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் 6 எம்எம் பிட்டால் இரண்டு இன்ச் ஆழத்துக்கு ஓர் ஓட்டை போடச் சொல்லுங்கள். முதல் அரை, முக்கால் இன்ச் பூச்சுதான், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு வரும் தூளைக் கையில் பிடியுங்கள். சாம்பல் நிறத்தில், டிரில் திணறித் திணறி வந்தால் கான்கிரீட். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சிவப்புக்கு நடுவே வெள்ளையாக, மாவு மாதிரி கொட்டினால் சுண்ணாம்புக் கட்டு. பூச்சு தாண்டியதும் கொஞ்ச நேரம் கடினமாக இருந்து, திடீரென்று டிரில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அது ஹாலோ பிளாக்.

கான்கிரீட் பீமோ தூணோ கிடைத்தால் 10 எம்எம் ஆங்கர் போல்ட் போதும். தூணின் மூலையை ஒட்டிப் போடக்கூடாது, ஆங்கர் விரியும்போது மூலை உடைந்துவிடும். நல்ல சிமெண்ட் கலவையில் கட்டிய செங்கல் சுவரில், பசை வைத்து ஒட்டும் கெமிக்கல் ஆங்கர் போடலாம். ஓட்டையில் தூளைச் சுத்தமாக ஊதி எடுத்துவிட்டு, அது இறுகும்வரை பாரம் ஏற்றாமல் விட வேண்டும். சுண்ணாம்புக் கட்டுக்கும் ஹாலோ பிளாக்குக்கும் நான் ஒரே வழிதான் வைத்திருக்கிறேன். சுவரை முழுக்கத் துளைத்து, நீளமான மரை போட்ட கம்பியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் விட்டு, உள்ளேயும் ஒரு பிளேட் கொடுத்து இரண்டு பக்கமும் நட்டு போடுவது. சுவரே நடுவில் சிக்கிக்கொள்ளும், பிடுங்கிக்கொண்டு வர வழியில்லை. ஆனால் பலம் பார்க்கிறேன் என்று நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் காரை நொறுங்கும், பிளாக் உள்ளே அமுங்கும். பிளேட் சுவரில் பதிந்ததும் இன்னும் கால் சுற்று, அதோடு நிறுத்த வேண்டும்.

இந்த வழிக்குப் பட்டறைக்கு இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, சுவரின் கனம். வாசல் நிலைக்குப் பக்கத்தில் டேப் வைத்தால் பூச்சோடு சேர்த்து அளவு கிடைத்துவிடும். அண்ணாச்சி கடையில் 10 இன்ச். அதற்கு 10 எம்எம் கம்பியை 12 இன்ச் நீளத்தில் வெட்டினேன். இரண்டு, சுவருக்கு உள்பக்கம் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்பது. அண்ணாச்சி கடையில் சரியாக அந்த இடத்தில் மருந்து டப்பா அடுக்கும் மர அலமாரி இருந்தது. முந்தின நாளே சொல்லி நகர்த்தி வைத்ததால் அரை மணியில் வேலை முடிந்தது. அங்கே ஸ்விட்ச் பாக்ஸோ ஒயர் போகும் பைப்போ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டிரில் அதில் போய் நிற்கும். ஓட்டையை வெளிப்பக்கம் லேசாகச் சரிவாகத் துளைக்கச் சொல்லுங்கள், சாரல் நீர் உள்ளே இறங்காது.

வாடகைக் கட்டடம் என்றால், சுவரைத் துளைப்பதற்கு வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் எங்களுக்கு எழுத வேண்டும். சொல்லாமல் துளைத்துவிட்டுப் பிறகு சமாதானம் பேசுவது கஷ்டம்.

சங்கிலி

"சங்கிலி போட்டு" என்று மட்டும் எழுதினால் கதவுக்கு மாட்டும் சங்கிலியும் வரலாம், மாட்டுச் சங்கிலியும் வரலாம். மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

கண்ணியின் கம்பிக் கனம் முதலாவது. இந்தப் போர்டுக்கு 5 எம்எம். எடைக்கு மட்டும் பார்த்தால் 3 எம்எம் போதும், தேய்மானத்துக்காகத்தான் 5. அடுத்தது, ஒவ்வொரு கண்ணியும் வெல்டிங் வைத்து மூடியதாக இருக்க வேண்டும். வெறுமனே வளைத்து முட்டவிட்ட கண்ணி அலங்கார விளக்குக்குச் சரி, ஆடுகிற போர்டில் மெல்ல வாய் திறந்துகொள்ளும். கடையில் வாங்கும்போது கண்ணியைத் திருப்பிப் பார்த்தால் சேர்த்த இடத்தில் சின்ன மேடு தெரியும். மேடு இல்லாமல் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அது மூடாத கண்ணி.

மூன்றாவது, இரண்டு சங்கிலியும் நேராக இறங்க வேண்டும். படம் மாட்டுவது மாதிரி நடுவில் ஒரே புள்ளியிலிருந்து இரண்டு மூலைக்கும் சாய்வாக வருவது பார்க்க அழகு, ஆனால் அதற்குக் கணக்கு வேறு. நேராக இறங்கினால் ஒவ்வொரு சங்கிலியும் பாதி எடையைத் தாங்கும். படுக்கையான போர்டிலிருந்து 30 டிகிரி மட்டும் எழும்பிச் சாய்ந்து போனால் ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்க வேண்டிவரும், அதோடு ஃபிரேமை இரண்டு பக்கமிருந்தும் உள்நோக்கி நெருக்கும்.

சங்கிலியைக் கையிலும் போர்டிலும் எப்படிக் கோர்ப்பது என்பதில்தான் பட்டறைகள் அவசரப்படும். கண்ணியைக் கையோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடுவது சுலபம். வைத்தால் அந்தக் கண்ணியின் ஜிஐ என்கிற துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் முதல் மழையிலேயே துரு ஏறும், போர்டைக் கழற்றவும் முடியாது. எஸ் கொக்கியும் வேண்டாம், காற்று போர்டை மேலே தூக்கி இறக்கும்போது அது கழன்றுவிடும். கையிலும் ஃபிரேமிலும் 8 எம்எம் கம்பியில் முழு வளையம் வைத்து, அதில் வாயைப் பின்னால் திருகி மூடும் டி ஷேக்கிள் போட்டுச் சங்கிலியைக் கோர்க்கச் சொல்லுங்கள். ஷேக்கிள் பின் தானாகக் கழன்று வராமல் ஒரு ஒயர் சுற்றிக் கட்டிவிட வேண்டும்.

சங்கிலி குட்டையாக இருப்பது நல்லது. நீளச் சங்கிலியில் போர்டு ஊஞ்சலாகிவிடும். அண்ணாச்சி போர்டில் ஷேக்கிளோடு சேர்த்து 5 இன்ச்தான்.

அடியிலும் ஒரு சங்கிலி உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. போர்டின் உள்பக்கக் கீழ் மூலையிலிருந்து சுவருக்கு ஒரு குட்டைச் சங்கிலி. சுவருக்கும் போர்டுக்கும் இடைவெளி 4 இன்ச், அந்தச் சங்கிலி 6 இன்ச் என்றால் கீழ் மூலை இரண்டு பக்கமும் நாலரை இன்ச்சுக்கு மேல் போகாது. வெளிமுனை கொஞ்சம் கூடுதலாக ஆடும், பரவாயில்லை. சங்கிலியை இறுக்கமாகக் கட்டி ஆட்டத்தையே நிறுத்திவிடக் கூடாது. கொஞ்சம் சாய்ந்துகொடுத்தால்தான் காற்று வழுக்கிப் போகும், இறுக்கிவிட்டால் முழு அறையும் போல்ட்டுக்குப் போகும்.

இன்னும் சில வரிகள்

பைப்பின் வாய்களை அடைக்கச் சொல்லுங்கள், ஃபிரேமின் அடிப்பைப்பில் 5 எம்எம் அளவில் இரண்டு ஓட்டை விடச் சொல்லுங்கள். எப்படியும் உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, அது காய்ந்தபின் பெயிண்ட் இரண்டு கோட்டு என்று எழுதிவிடுங்கள். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடற்கரை ஊர்க்காரர்கள் சங்கிலி, ஷேக்கிள், போல்ட் மூன்றையும் எஸ்எஸ் 316இல் கேளுங்கள். உப்புக் காற்றில் சாதாரண ஜிஐ நிற்காது.

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் கடை என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் போர்டை எடுத்துவிட வேண்டும். அங்கே கையைக் கீல் வைத்து, பின்னைக் கழற்றினால் சுவரோடு மடங்குகிற மாதிரி செய்யலாம். தெருவுக்கு மேலே நீட்டுவதற்கு அனுமதி வேண்டுமா என்பதை மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். எழுத்தைப் பொறுத்தவரை தமிழ் முதலில், பெரிதாக இருக்கட்டும், கடைப் பலகைக்குத் தமிழ்நாட்டு விதி அதுதான்.

யார் எதைச் செய்வது என்பதையும் எழுதிவிடுங்கள். ஸ்டிக்கர் நீங்கள் ஒட்டித் தருவீர்களா, பட்டறையா? ஏணி யாருடையது? மாட்டுகிற கூலி விலையில் சேர்ந்ததா? மனத்தாங்கல் வருவது இந்த மூன்றில்தான்.

முழுச் செய்தி

இத்தனையும் பேசி முடித்தபின் அண்ணாச்சியிடம் திரும்ப ஒரே செய்தியாக எழுதி அனுப்பச் சொன்னேன். அவர் அனுப்பியது இது. உங்கள் அளவுகளைப் போட்டு இப்படியே அனுப்பலாம்.

> தம்பி, தென்காசியில நம்ம மருந்துக் கடைக்குத் தொங்கு போர்டு. கடை வடக்குப் பார்த்தது, எதிரே ஒரு மாடிக் கட்டடம், மேற்கே தெரு திறந்து கிடக்கு.
>
> போர்டு அகலம் 24 இன்ச், உயரம் 18 இன்ச், கனம் 1 இன்ச். முக்கால் இன்ச் சதுர பைப் ஃபிரேம், இரண்டு பக்கமும் 3 எம்எம் ஏசிபி. இரண்டு பக்கமும் எழுத்து உண்டு, ஸ்டிக்கர் நான் ஒட்டித் தாரேன்.
>
> கை சுவரிலிருந்து 30 இன்ச். சுவருக்கும் போர்டுக்கும் 4 இன்ச் இடைவெளி. சப்போர்ட் கைக்கு மேலே. பிளேட் 10க்கு 10 இன்ச், 6 எம்எம், ஓட்டை நடு 8 இன்ச்.
>
> சங்கிலி 5 எம்எம் ஜிஐ, வெல்டிங் கண்ணி, இரண்டும் நேரா இறங்கணும், ஷேக்கிளோட 5 இன்ச். கீழே உள் மூலையிலிருந்து சுவருக்கு 6 இன்ச் சங்கிலி. எல்லாம் டி ஷேக்கிள், எஸ் கொக்கி வேண்டாம்.
>
> போர்டு அடி தரையிலிருந்து 9 அடி. சன்ஷேட் கிடையாது. மின்கம்பி தெருவுக்கு அந்தப் பக்கம் போகுது.
>
> பழைய செங்கல் சுவர், சுண்ணாம்புக் கட்டு, பூச்சோட 10 இன்ச். சுவரைத் துளைச்சு 10 எம்எம் கம்பி, உள்ளே பிளேட். உள்பக்கம் அலமாரியை நகர்த்தி வச்சிருக்கேன். ஒயர் ஒண்ணும் இல்லை. வீட்டுக்காரர் சம்மதிச்சிட்டார்.
>
> ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, கருப்பு பெயிண்ட் இரண்டு கோட்டு. ஏணி உங்களோடது. மாட்டுற கூலி சேர்த்து விலை சொல்லுங்க. படம் மூணு அனுப்பியிருக்கேன்.

இதைப் படித்ததும் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. இரும்பு, சங்கிலி, கூலி என்று பிரித்து அன்று மாலையே விலை அனுப்பினேன். இதே செய்தியை வேறு பட்டறைக்கு அனுப்பியிருந்தாலும் அதே போர்டுக்குத்தான் விலை வந்திருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

மாட்டுகிற அன்று போர்டைத் தொங்கவிடும் முன் கை முனையைப் பிடித்துத் தெருவோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பாருங்கள். பிளேட்டின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய கோடு திறந்து மூடினால் நட்டு சரியாக உட்காரவில்லை, அல்லது பூச்சு அடியில் காலியாக இருக்கிறது. அப்போதே சொல்லிச் சரிசெய்ய வைத்துவிடுங்கள். பிறகு முதல் ஆடி முடிந்ததும் ஒரு தடவை ஏணி போட்டு ஏறி, ஷேக்கிளும் மேல் கண்ணியும் உரசும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருக்கும். 5 எம்எம் கம்பி அந்த இடத்தில் 4 எம்எம் ஆகியிருந்தால் நான் சங்கிலியை மாற்றிவிடுவேன். அண்ணாச்சி போர்டை ஆவணியில் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் மட்டும்தான் உரசிப் போயிருந்தது, பிளேட்டைச் சுற்றிப் பூச்சில் விரிசல் இல்லை.